ரிப்பேருக்கு முன்னால் ஒரு நகல்

கல்யாண போட்டோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். முகூர்த்த சீசன் முழுக்க எடுத்த படங்கள் எல்லாம் 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருக்கின்றன. கேமரா கார்டுகளை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் பயன்படுத்தியாயிற்று. ஆல்பம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. ஒரு நாள் காலையில் டிஸ்க்கைச் செருகினால் ஃபோல்டர் திறக்க ஒரு நிமிடம் ஆகிறது. ஒரு படத்தைக் காப்பி செய்தால் பாதியில் நின்றுவிடுகிறது. கழற்றி மறுபடி செருகியதும் விண்டோஸ் இப்படிச் சொல்கிறது:

```
You need to format the disk in drive E: before you can use it.
Do you want to format it?
```

ஃபார்மட் செய்யக் கூடாது என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். அவர்கள் இடறுவது அதற்கு அடுத்த படியில். கடைப் பையன் நல்ல எண்ணத்தோடுதான் கேட்பான்: "அண்ணே, ஒரு தடவை செக் டிஸ்க் போட்டுப் பார்க்கலாமா?" பத்துக்கு எட்டுப் பேர் சரி என்று தலையாட்டிவிடுவார்கள். பிழைத்திருக்கக்கூடிய படங்கள் பலவும் தொலைவது அந்த இடத்தில்தான். அவர்கள் முதலில் செய்ய வேண்டியது வேறு. டிஸ்க்கில் எதையும் சரிசெய்யாமல், எதையும் எழுதாமல், முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும். சோதனை, ரிப்பேர், மீட்பு எல்லாம் அந்த நகலில் நடக்கட்டும். நைந்துபோன பழைய பத்திரத்தைப் பசை போட்டு ஒட்டுவதற்கு முன்னால் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்வோம் அல்லவா, அதே காரியம்தான் இது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிய, டிஸ்க்குக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. அவற்றின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில், தட்டைத் தொடாமல், ஹெட் எனப்படும் படிப்பான் மிதக்கிறது. தகவல்கள் செக்டர் என்னும் சிறு கட்டங்களில் பதிந்திருக்கும். இப்போது வரும் டிஸ்க்குகளில் ஒரு கட்டம் 4096 பைட்டு. ஒவ்வொரு கட்டத்தோடும் பிழை திருத்தும் குறியீடு ஒன்றும் சேர்ந்தே பதிவாகிறது. படிக்கும்போது ஓரிரு இடங்கள் மங்கலாக இருந்தாலும் டிஸ்க் அதை வைத்துக் கணக்குப் போட்டுச் சரிசெய்து கொடுத்துவிடும்.

கட்டம் மோசமாகிவிட்டால் அந்தக் கணக்கு நிற்காது. டிஸ்க் உடனே கைவிரித்துவிடுவதும் இல்லை. தட்டு ஒவ்வொரு சுற்று வரும்போதும், ஹெட்டைச் சற்று இப்படியும் அப்படியும் நகர்த்தி, திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். வீட்டு உபயோக டிஸ்க்குகள் ஒரே ஒரு செக்டருக்காகப் பல விநாடிகள் இப்படிப் போராடும். ஃபோல்டர் திறக்காமல் விண்டோஸ் உறைந்து நிற்பதற்கு இதுதான் காரணம். ஒரு செக்டருக்குப் பத்து விநாடி என்று வைத்தால், ஆயிரம் கெட்ட செக்டர்களுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஹெட் அந்தப் புண்ணிலேயே உட்கார்ந்து மோதிக்கொண்டிருக்கும். தட்டின் மேல் பூச்சு உரிந்து தூள் பறந்திருந்தால், ஒவ்வொரு மோதலும் நல்ல இடங்களையும் கெடுக்கும். ஹெட்டே பலவீனமாகியிருந்தால், அதன் மீதி ஆயுள் வீணான இடத்தில் கரைந்துபோகும். அந்த ஆயுளைக்கொண்டு எதை முதலில் படிப்பது என்பதுதான் நம் கையில் இருக்கும் ஒரே முடிவு.

இப்போது `chkdsk` என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது தகவலைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்ட மென்பொருள் அல்ல. ஃபைல் சிஸ்டம் முரண்பாடு இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் குறி. என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பதிவு உண்டு. பெயர், தேதி, படம் டிஸ்க்கின் எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்ற முகவரி எல்லாம் அதில்தான். ஒரு பதிவு பொதுவாக 1 கேபி. அதாவது 4096 பைட்டு செக்டர் ஒன்று படிக்க முடியாமல் போனால், நான்கு படங்களின் முகவரி சேர்ந்தே மறைகிறது. படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவை வேறிடத்தில் பத்திரமாகவே இருக்கின்றன. ஆனால் `chkdsk /f` ஓடும்போது, சரியாகப் படிக்க முடியாத பதிவுகளைக் குப்பை என்று முடிவுகட்டுகிறது. `Deleting index entry` என்ற வரி திரையில் ஓட ஓட, ஃபோல்டர்களிலிருந்து பெயர்கள் நீக்கப்படுகின்றன. படங்கள் இருந்த இடம் காலி இடமாகக் கணக்கில் ஏறுகிறது. பிறகு அங்கே வேறெதையாவது எழுதிவிட்டால் திரும்பி வர வழியே இல்லை. `/r` சேர்த்தால் இன்னும் மோசம். டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும், காலி இடங்களையும்கூட, அது படித்துப் பார்க்கிறது. சாகக் கிடக்கும் ஹெட்டை ஒன்றுமில்லாத இடத்திலும் ஓட்டி, படித்ததை எங்கேயும் எடுத்து வைக்காமல் விட்டுவிடுகிறது.

எழுதுவதில் இன்னொரு நுட்பமான ஆபத்தும் உண்டு. படிக்க முடியாத செக்டரை டிஸ்க் முதலில் சந்தேகப் பட்டியலில் மட்டும் சேர்த்து வைக்கிறது. பத்தாவது முயற்சியிலோ, டிஸ்க் கொஞ்சம் ஆறிய பிறகோ அது ஒருவேளை படிக்கக் கிடைக்கலாம். அதற்குள் அந்த இடத்தில் யாராவது எதையாவது எழுதிவிட்டால் கதை முடிந்தது. டிஸ்க் அதே கட்டத்தில் எழுதிப் பார்க்கும், தேறாவிட்டால் ரிசர்வில் வைத்திருக்கும் வேறு கட்டத்துக்கு மாற்றிவிடும். எப்படியானாலும் பழைய தகவல் போனது போனதுதான். 'பேட் செக்டரைச் சரிசெய்யும்' மென்பொருள்களில் பலவும் செய்வது இதைத்தான். அவை செக்டரைத் தேற்றும், அதில் இருந்த படத்தை அல்ல. முழு ஃபார்மட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், விஸ்டா காலத்திலிருந்து அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யங்களை எழுதுகிறது.

சரி, ரிப்பேர் வேண்டாம், முக்கியமான ஃபோல்டரை மட்டும் இழுத்துப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். டிஸ்க் தடங்கல் இல்லாமல் படிக்கிறது, எச்சரிக்கை மட்டும்தான் வந்திருக்கிறது என்றால் அது நியாயமான யோசனை. உயிராகக் கருதும் ஒரு ஃபோல்டரை முதலில் எடுத்துவிடலாம். ஆனால் படிப்பது உறைந்து நிற்க ஆரம்பித்த பிறகு அது உதவாது. விண்டோஸ் ஒவ்வொரு படத்துக்கும் பதிவுப் பகுதிக்கு ஓடி, அங்கிருந்து படத்துக்கு ஓடி, திரும்பவும் பதிவுக்கு ஓடும். நடுவில் சின்னப் படங்களை உருவாக்கிக் காட்டவும் படிக்கும். முதல் கெட்ட செக்டரிலேயே நின்று, மறுபடி முயன்று, கடைசியில் மொத்தக் காப்பியையும் கைவிடும். எதைப் படித்தோம், எது பாக்கி என்ற குறிப்பும் மிஞ்சாது.

நகல் எடுப்பதற்கென்றே உருவான கருவி ஒன்று உண்டு. ஜிஎன்யு `ddrescue`, அந்தோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதி 2004 முதல் வளர்த்து வரும் இலவச மென்பொருள். அதன் சாமர்த்தியம் இரண்டு விஷயங்களில். முதலாவது, அது எளிதாகக் கிடைப்பதை முதலில் அள்ளிக்கொள்ளும். படித்துக்கொண்டே போகும்போது பிழை வந்தால் அங்கே போராடாது, பெரிதாகத் தாவி அடுத்த நல்ல இடத்துக்குப் போய்விடும். கடைசி வரை போன பிறகு, விட்டுவிட்ட இடங்களை எதிர்த்திசையிலிருந்து அணுகும். அதற்கப்புறம்தான் புண்களின் ஓரங்களை இரண்டு பக்கமும் வழித்து, எஞ்சிய நடுப்பகுதியைச் செக்டர் செக்டராகச் சுரண்டிப் பார்க்கும். டிஸ்க் இடையில் செத்தாலும் அதற்குள் 99 சதவீதம் கையில் வந்திருக்க வாய்ப்பு அதிகம். லினக்ஸில் எல்லோரும் அறிந்த `dd` இப்படி அல்ல. பிழை வந்ததும் நின்றுவிடும். நிற்காதே என்று சொன்னால் முதல் புண்ணிலேயே மணிக்கணக்கில் கிடக்கும்.

இரண்டாவது, அது ஒரு வரைபடக் குறிப்பை எழுதிக்கொண்டே வருகிறது. மேப் ஃபைல் என்பார்கள். நம் ஸ்டூடியோ டிஸ்க்கில் ஒரே ஒரு புண் இருந்தால் அதன் முக்கியப் பகுதி இப்படி இருக்கும்:

```
#      pos            size   status
0x0000000000  0x3A00000000   +
0x3A00000000  0x0000001000   -
0x3A00001000  0xAEE0DB5000   +
```

கூட்டல் குறி என்றால் அந்தப் பகுதி பத்திரமாக வந்துவிட்டது. கழித்தல் என்றால் படிக்க முடியவில்லை. இங்கே டிஸ்க்கின் கால் பாகத்தை நெருங்கும் இடத்தில் 4096 பைட்டு, அதாவது ஒரே ஒரு செக்டர் போயிருக்கிறது. கேள்விக்குறி இருந்தால் இன்னும் தொடவே இல்லை என்று பொருள். கரண்ட் போனாலும், டிஸ்க் சூடாகி நிறுத்த வேண்டி வந்தாலும், அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஏற்கெனவே படித்ததை இரண்டாம் முறை படிக்காது. இந்தக் குறிப்பு ஃபைல் தொலைந்தால் எல்லாம் முதலிலிருந்துதான், அதாவது டிஸ்க்கின் மீதி ஆயுளில் பாதி போனது.

கட்டளைகளுக்குப் போகும் முன் ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும்: இதை வீட்டில் செய்யலாமா? காதை டிஸ்க்கின் அருகே வைத்துக் கேளுங்கள். டிக்... டிக்... என்று சீராக ஒரு தட்டல், அல்லது உரசும் சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். ஹெட் தடம் தெரியாமல் மோதுகிறது என்பதற்கு அடையாளம் அது. கீழே விழுந்த டிஸ்க், தண்ணீர் பட்ட டிஸ்க், சுழலவே இல்லாத டிஸ்க், 1 டிபி என்பதற்குப் பதில் 0 பைட்டு என்று காட்டும் டிஸ்க், இவற்றுக்கும் மென்பொருளால் ஒன்றும் ஆகாது. இன்னொரு முறை கரண்ட் கொடுப்பதே சேதம். தூசி இல்லாத அறையில் திறந்து ஹெட் மாற்றும் லேபுக்குத்தான் போக வேண்டும். அங்கேயும், டிஸ்க்கைத் தற்காலிகமாக உயிர்ப்பித்ததும் அவர்கள் முதலில் செய்வது நகல் எடுப்பதுதான். பிசி-3000 போன்ற விலை உயர்ந்த கருவிகள் பெரும்பாலும் அதற்காகவே. ஃப்ரீசரில் வைத்தால் டிஸ்க் எழுந்துவிடும் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். உள்ளே ஈரம் கோத்துத் தட்டில் படியும்.

சத்தம் எதுவும் இல்லை, சரியான கொள்ளளவு தெரிகிறது, படிப்பதுதான் தடுமாறுகிறது என்றால் தொடரலாம். விண்டோஸில் வேண்டாம். டிஸ்க்கைக் கண்டதுமே அதை இணைத்து, எதையாவது எழுதி, சரிசெய்யட்டுமா என்று கேட்கத் தொடங்கும். சிஸ்டம்ரெஸ்க்யூ என்னும் லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்வது நல்லது. `ddrescue` அதில் தயாராக இருக்கிறது. உபுண்டு வைத்திருப்பவர்கள் `gddrescue` என்ற பெயரில் நிறுவிக்கொள்ளலாம், ஆனால் உபுண்டு டெஸ்க்டாப் டிஸ்க்கைத் தானாகவே மவுண்ட் செய்துவிடும் என்பதால் அதைக் கவனித்து அவிழ்க்க வேண்டும். கெட்டுப்போவது கம்ப்யூட்டரின் உள்ளே விண்டோஸ் இருக்கும் டிஸ்க்காகவே இருந்தால், விண்டோஸை ஆன் செய்வதையே நிறுத்திவிடுங்கள். அது ஓடும் ஒவ்வொரு நிமிடமும் டிஸ்க்கில் எழுதிக்கொண்டேதான் இருக்கும்.

நகலை வாங்கிக்கொள்ள ஒரு நல்ல டிஸ்க் வேண்டும். 1 டிபி டிஸ்க்குக்கு 4 டிபி வாங்கச் சொல்வேன். முதல் நகல் 1 டிபி, அதில் வேலை செய்ய இன்னொரு பிரதி 1 டிபி, மீட்ட படங்களுக்கு மீதி இடம். கையை இங்கே சுருக்கினால், நகலின் மேலேயே ரிப்பேர் செய்யும் நிலைமை வரும். புதிய டிஸ்க்கை எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32 கூடாது, அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை வைக்க முடியாது. இந்த ஃபார்மட் வேலையை நோயாளி டிஸ்க்கை இணைப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். இரண்டும் ஒன்றாகச் செருகியிருக்கும்போது ஃபார்மட் கட்டளையைத் தட்டச்சு செய்வது வேண்டாத விஷப்பரீட்சை.

அதன் பிறகு கெட்ட டிஸ்க்கை இணைத்து, எது எது என்று பார்க்க வேண்டும்.

```
lsblk -o NAME,SIZE,MODEL,SERIAL,MOUNTPOINT
```

1 டிபி டிஸ்க் இங்கே `931.5G` என்று காட்டும், 4 டிபி `3.6T` என்று வரும். டிஸ்க்கின் லேபிளில் அச்சிட்டிருக்கும் சீரியல் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிக்கூட்டின் பலகை சில சமயம் வேறு எண்ணைக் காட்டும், அப்போது அளவையும் மாடலையும் கொண்டு முடிவு செய்ய வேண்டும். கெட்ட டிஸ்க்குக்கு நேரே மவுண்ட் கட்டம் காலியாக இருக்க வேண்டும். நம் கதையில் அது `sdb`, புதியது `sdc`. கழற்றிச் செருகினால் இந்தப் பெயர்கள் மாறக்கூடும், ஆகவே ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டே அடுத்த கட்டளை.

டிஸ்க்கின் தன்னிலைக் குறிப்பையும் ஒரு தடவை படித்து வைத்துக்கொள்ளலாம். `smartctl -a /dev/sdb` என்று கொடுத்தால் நீளமான பட்டியல் வரும். அதில் `Current_Pending_Sector` என்ற வரியின் கடைசி எண் சந்தேகப் பட்டியலில் இருக்கும் செக்டர்கள். `Reallocated_Sector_Ct` ஏற்கெனவே மாற்றப்பட்டவை. `UDMA_CRC_Error_Count` மட்டும் ஏறிக்கொண்டிருந்து மற்ற இரண்டும் பூஜ்யமாக இருந்தால் மகிழ்ச்சி, கோளாறு பெரும்பாலும் கேபிளில்தான். கேபிளை மாற்றிப் பாருங்கள். `PASSED` என்ற பொதுத் தீர்ப்பை நம்பாதீர்கள், படிக்க முடியாத செக்டர்கள் இருக்கும்போதே அது அப்படிச் சொல்வது சாதாரணம். நீளமான சுய பரிசோதனை எதையும் தொடங்கவும் வேண்டாம்.

இனி நகல்:

```
mkdir /mnt/nakal
mount /dev/sdc1 /mnt/nakal
ddrescue -n /dev/sdb /mnt/nakal/studio.img /mnt/nakal/studio.map
```

நகலை டிஸ்க்குக்கு நேரடியாக எழுதாமல் `studio.img` என்ற ஒரே பெரிய ஃபைலாக எழுதச் சொல்வதில் ஒரு காரணம் உண்டு. டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நேராக எழுத வேண்டுமானால் `-f` என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டும். பெயர்களை மாற்றித் தட்டிவிட்டால், காலி டிஸ்க் கல்யாணப் படங்களின் மேல் ஏறிவிடும். ஃபைலாக எழுதும்போது `-f` தேவையில்லை. அது இல்லாதவரை, எழுத வேண்டிய இடத்தில் தவறிப்போய் ஒரு டிஸ்க்கின் பெயரைக் கொடுத்தாலும் `ddrescue` எழுத மறுத்துவிடும். அந்த ஓர் எழுத்துக்காகவே இந்த வழியைப் பரிந்துரைக்கிறேன். மேப் ஃபைலும் புதிய டிஸ்க்கிலேயே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸில் வேறெங்கு வைத்தாலும் அது பெரும்பாலும் நினைவகத்தில்தான் இருக்கும், கம்ப்யூட்டரை அணைத்ததும் போய்விடும்.

`-n` என்பது சுரண்டும் கட்டத்தை இப்போதைக்கு விடு என்று சொல்வது. நல்ல டிஸ்க்காக இருந்து, விநாடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால் 1 டிபிக்கு மூன்று மணி நேரம் போதும். யுஎஸ்பி 2 துளையில் செருகினால் எட்டு ஒன்பது மணி நேரம். கெட்ட டிஸ்க் என்றால் ஓர் இரவும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். டிஸ்க்கைத் தட்டையாக, ஆடாத மேஜையில் வைத்து, ஒரு மின்விசிறியைத் திருப்பி விடுங்கள். யூபிஎஸ் இருந்தால் நிம்மதி.

ஓடும்போது திரையில் பல எண்கள் மாறிக்கொண்டிருக்கும். மூன்றைக் கவனித்தால் போதும். `pct rescued` எவ்வளவு சதவீதம் கிடைத்தது என்பது. `current rate` இப்போதைய வேகம். `time since last successful read` கடைசியாக ஒரு செக்டர் ஒழுங்காகக் கிடைத்து எவ்வளவு நேரமாயிற்று என்பது. இந்தக் கடைசி எண் நிமிடக்கணக்கில் ஏறி, பிழை எண்ணிக்கையும் விறுவிறுவென்று ஓடினால், பெரும்பாலும் டிஸ்க் இணைப்பிலிருந்தே நழுவிவிட்டது. கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துங்கள், டிஸ்க்கைக் கழற்றி ஆறவிடுங்கள், மறுபடி இணைத்து, பெயரைச் சரிபார்த்து, அதே கட்டளையைக் கொடுங்கள். தட்டல் சத்தம் புதிதாகத் தொடங்கினாலோ, டிஸ்க் முழுவதும் சீரான இடைவெளிகளில் படிக்க முடியாத பட்டைகள் விழுந்தாலோ நிறுத்தி லேபைப் பாருங்கள். ஒரு டிஸ்க்கில் பல ஹெட்டுகள் முறைவைத்துப் படிக்கின்றன. சீரான பட்டை என்றால் அவற்றில் ஒன்று செத்திருக்க வாய்ப்பு மிகுதி. அதுவரை எடுத்த நகலும் மேப்பும் வீணாகாது.

நம் ஸ்டூடியோ டிஸ்க்கில் முதல் சுற்று 99.21 சதவீதத்தில் முடிந்தது என்று கொள்வோம். பாக்கி சுமார் 8 ஜிபி. இப்போதுதான் கடினமான இடங்களுக்குப் போக வேண்டும்:

```
ddrescue -d -r3 /dev/sdb /mnt/nakal/studio.img /mnt/nakal/studio.map
```

`-d` இடையில் லினக்ஸ் சேமித்து வைப்பதைத் தவிர்த்து டிஸ்க்கிடம் நேராகக் கேட்கும். `-r3` மிஞ்சியவற்றை மூன்று முறை மறுபடி முயலச் சொல்கிறது. அந்த 8 ஜிபியில் பெரும்பகுதி நல்ல இடமாகவே இருக்கும், முதல் சுற்றில் சுரண்டாமல் விட்டதால் விடுபட்டது. சுரண்டி முடித்ததும் `bad-sector: 212992 B` என்று நிற்கிறது. 4096 பைட்டு செக்டராக எண்ணினால் 52 கட்டங்கள். அவற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு படத்தில் விழுந்திருந்தாலும் கெட்டவை 52 படங்களுக்கு மேல் இல்லை. பதிவுப் பகுதியில் விழுந்தவை மட்டும் விதிவிலக்கு, அங்கே பெயர்தான் போகும், படம் இருக்கும். காலி இடத்தில் விழுந்தவற்றைப் பற்றிக் கவலையே இல்லை. இன்னும் நூறு முறை முயன்றால் சில கட்டங்கள் கூடுதலாகக் கிடைக்கலாம்தான். நகலில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு அந்த முடிவை எடுக்கலாம். கெட்ட டிஸ்க்கைக் கழற்றி, பெயர் எழுதி, அலமாரியில் வைத்துவிடுங்கள்.

இனி எல்லா வேலையும் பிரதியின் பிரதியில். எந்தப் படங்கள் கெட்டன என்று கண்டுபிடிக்க ஓர் அழகான வழி `ddrescue`விலேயே இருக்கிறது. படிக்க முடியாத இடங்களில் மட்டும் ஓர் அடையாளச் சொல்லை நிரப்பச் சொல்லி, அந்தச் சொல் எந்த ஃபைல்களில் இருக்கிறது என்று தேடுவது:

```
cd /mnt/nakal
cp --sparse=always studio.img velai.img
cp studio.map velai.map
printf "BAD-SECTOR " > kuri
ddrescue --fill-mode=- kuri velai.img velai.map
losetup -r -P -f --show velai.img
```

கடைசிக் கட்டளை `/dev/loop0` போல ஒரு பெயரைச் சொல்லும். அந்தப் பெயரையே கீழே போட வேண்டும்:

```
mkdir /mnt/paar
mount -o ro /dev/loop0p1 /mnt/paar
grep -rl "BAD-SECTOR" /mnt/paar
```

இங்கே `-r`, `ro` இரண்டும் 'படிக்க மட்டும், எழுதாதே' என்பதற்கு. திரையில் வரும் பட்டியல்தான் சேதமான படங்கள். பட்டியலில் இல்லாத எல்லாவற்றையும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பட்டியல் இல்லாமல் படங்களை ஒப்படைத்தால், ஆல்பம் போடும்போது பாதிப் படம் சாம்பல் நிறமாக வரும்போதுதான் தெரியவரும்.

மவுண்ட் ஆகவே மறுத்தால், பதிவுப் பகுதியில் அடி பலம் என்று பொருள். அப்போதும் பதற வேண்டாம், பிரதிதானே. கிறிஸ்டோஃப் கிரெனியர் எழுதிய `testdisk` கெட்ட பார்ட்டிஷன் அட்டவணையைத் தேடித் தரும். அவருடைய `photorec` பதிவுகளையே பார்க்காமல், படங்கள் தொடங்கும் அடையாளத்தை நகல் முழுக்கத் தேடி ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும். பெயரும் ஃபோல்டரும் போய்விடும். கேமரா படத்துக்குள்ளேயே தேதியும் நேரமும் எழுதியிருப்பதால் எந்தக் கல்யாணம் என்று பிரித்துவிடலாம். `chkdsk` வேண்டுமென்றால் அதையும் இன்னொரு பிரதியில் ஓட்டிப் பாருங்கள். கெடுத்தாலும் மறுபடி ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். மூல டிஸ்க்கில் அதை ஒரே ஒரு முறைதான் செய்து பார்க்க முடியும், பின்வாங்க முடியாது.

எஸ்எஸ்டியிலும் பென் டிரைவிலும் ஹெட் கிடையாது, ஆகவே உரசல், தட்டல் பற்றிய பேச்சு அவற்றுக்குப் பொருந்தாது. திடீரென்று முழுவதுமாகச் சாகும் பழக்கம் அவற்றுக்கு அதிகம், அப்போது நகலும் எடுக்க முடியாது. படிக்கக் கிடைக்கும் நிலையில் இருந்தால், எழுதாமல் நகல் எடு என்பது அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

கடையில் கொடுப்பதாக இருந்தால் ரசீது வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: "முதல்ல முழு டிஸ்க்கையும் நகல் எடுப்பீங்களா, இல்ல இதுலயே சாஃப்ட்வேர் ஓட்டுவீங்களா?" இதிலேயே ஓட்டுவோம் என்று பதில் வந்தால் டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். நகல் எடுத்துத் தருபவரிடம் நகலோடு மேப் ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். பின்னால் வேறொரு லேபுக்குப் போக வேண்டி வந்தாலும், எது கிடைத்தது எது பாக்கி என்று அவர்களுக்கு அது காட்டும்.

பட்டியலில் வந்த சேதப் படங்களையும் உடனே அழித்துவிட வேண்டாம். போட்டோகிராபர் ரா ஃபார்மட்டில் எடுத்திருந்தால், ஒவ்வொரு ரா ஃபைலுக்குள்ளும் கேமரா தனக்குப் பார்த்துக்கொள்ள ஒரு ஜேபெக் படத்தையும் பொதித்து வைத்திருக்கும். பல கேமராக்களில் அது ஆல்பத்தில் போடும் அளவுக்கே பெரியது. கெட்ட செக்டர் ராவின் மறுபகுதியில் விழுந்திருந்தால் அந்த ஜேபெக் முழுசாக இருக்கும், `exiftool` கொண்டு அதை உருவி எடுக்கலாம்:

```
exiftool -b -JpgFromRaw padam.NEF > padam.jpg
```

சில கேமராக்களில் `-JpgFromRaw` இருக்கும் இடத்தில் `-PreviewImage` என்று போட வேண்டியிருக்கும். ஆல்பம் அச்சாகி, வீட்டுக்காரர்கள் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை, கெட்ட டிஸ்க்கும் `studio.img` ஃபைலும் தொடப்படாமல் அலமாரியிலேயே இருக்கட்டும்.